வாட்ஸாப்ல வந்த பிடிஎஃப்ப அப்படியே சைட் பண்ணாதீங்க தம்பி தங்கச்சிங்களா

சுங்கை சிப்புட் பக்கம் நம்ம தோட்டத்து பிள்ளைங்க நிறைய பேரு இப்போ யூனில நியூட்ரிஷன், நர்சிங்னு படிக்கிறாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா அசைன்மென்ட்ட படிச்சு பாக்க சொல்லி அனுப்புறப்போ ஒண்ணு கவனிக்கிறேன், சீனியர் குரூப்ல போட்ட பிடிஎஃப்லேர்ந்து ஒரு நம்பர எடுத்து எழுதி ரெஃபரன்ஸ் போட்டு முடிச்சிடுறாங்க. அந்த ஃபைல் டவுன்லோட் பண்ண அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கும், அப்புறம் ஜர்னல் அந்த கட்டுரைய வாபஸ் வாங்கியிருந்தாலும் உங்க ஃபோன்ல இருக்கிற காப்பில ஒண்ணும் மாறாது.

இப்ப பாருங்க, இனிப்பு நீர், ஹார்ட் சாப்பாடுன்னு எழுதுற எல்லாரும் தொடுற பிரெடிமெட் ஆய்வு. ஸ்பெயின்ல 7447 பேர வச்சு செஞ்சது, 2013ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. ஆலிவ் எண்ணெயோ கொட்டை பருப்போ சேத்த மெடிட்டரேனியன் சாப்பாடு ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி பெரிய பாதிப்ப சுமார் 30 சதவீதம் குறைக்குதுன்னு சொன்னாங்க. 2018 ஜூன்ல அந்த கட்டுரைய அவங்களே வாபஸ் வாங்கி, திருத்தி, கட்டுரைய அடையாளம் காட்டுற டிஓஐ நம்பரையும் புதுசா குடுத்து மறுபடி போட்டாங்க. காரணம், யாருக்கு எந்த சாப்பாடுன்னு குலுக்கல் முறைல பிரிச்சோம்னு சொன்னாங்க, ஆனா சில வீட்டுல ஒரே குடும்பத்துக்கு ஒரே சாப்பாட்ட குடுத்திருக்காங்க, ஒரு இடத்துல கிளினிக்கு கிளினிக்கா பிரிச்சிருக்காங்க.

ஒரு தங்கச்சி கேட்டுச்சு, "அண்ணே, ரெண்டுலயும் 30 சதவீதம் கிட்டதானே வருது, பழசே இருந்துட்டு போவட்டுமே?" நம்பர் கிட்டத்தட்ட ஒண்ணுதான் மா, ஆனா அத வச்சு நீ எவ்வளவு தூரம் பேசலாம்ங்கிறது மாறிடுச்சு. பழசுல இந்த சாப்பாடு பாதிப்ப "குறைச்சுச்சு"ன்னு அடிச்சு சொன்னாங்க, புதுசுல இந்த குரூப்புல பாதிப்பு "கம்மியா இருந்துச்சு"ன்னு இறங்கி வந்துட்டாங்க. குலுக்கல் சரியில்லன்னா சாப்பாடுதான் காரணம்னு அவ்வளவு உறுதியா சொல்ல முடியாதுல்ல.

செக் பண்றது ரெண்டு நிமிஷ வேலைதான் லா. பிடிஎஃப்ல இருக்கிற டிஓஐய காப்பி பண்ணி பிரவுசர்ல இப்படி போடுங்க:

```
https://doi.org/10.1056/NEJMoa1200303
```

ஜர்னல் பக்கமே திறக்கும், வாபஸ்னா அங்க போட்டிருப்பாங்க. மருத்துவ கட்டுரைங்கள தேடுற பப்மெட் சைட்லயும் அதே நம்பர போட்டு பாருங்க, எந்த நோட்டீஸ், எந்த புது கட்டுரைன்னு லிங்க் இருக்கும், இதுக்கு புதுசு 10.1056/NEJMoa1800389. அந்த நோட்டீஸ கட்டாயம் படிங்க, ஏன்னா வாபஸ்னாலே திருட்டுத்தனம்னு இல்ல, இங்க நடந்தது செய்முறை கோளாறு.

ரெஃபரன்ஸ் சேத்து வைக்கிற ஸோட்டேரோ சாஃப்ட்வேர் வச்சிருந்தா வாபஸ் கட்டுரைக்கு அதுவே சிவப்புல எச்சரிக்கை காட்டும், ஆனா டிஓஐ இல்லாம கையால டைப் பண்ணி சேத்தத அத நம்பி விட்டுடாதீங்க. வாபஸ் இல்லாம வெறும் திருத்தம் மட்டும் வந்திருந்தா ஜர்னல் பக்கத்துல Correction லிங்க்க திறந்து, நீங்க எடுத்த டேபிள்தான் மாறியிருக்கான்னு பாருங்க. பழைய கட்டுரைய பத்தியே எழுத வேண்டி வந்தா, தாராளமா சைட் பண்ணுங்க, ரெஃபரன்ஸ்லயே வாபஸ் ஆனதுன்னு போட்டு நோட்டீஸையும் சேத்து குடுத்துடுங்க.