மூணு இலையும் ஒரு புகாரும்

(மேற்கு மாம்பலம். சித்திரை மாசக் காலை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ரங்கநாதன், ஒரு பெரிய தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி மாடியிலிருந்து இறங்கி வருகிறார். வாசலில் செடி வண்டியோடு முனுசாமி.)

ரங்கநாதன்: முனுசாமி, நில்லு. இதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போ.

முனுசாமி: இன்னா சார், தொட்டியோட வந்துக்கீறீங்க? இது நம்ம வண்டியில வாங்குனது இல்லியே.

ரங்கநாதன்: அமரில்லிஸ். போன வருஷம் பெட்டியில வந்த கிழங்கு, நெதர்லாந்துச் சரக்கு. ரெண்டு தண்டு, தண்டுக்கு நாலு பூ. தெருவே வந்து பார்த்தது. இந்த வருஷம் வெறும் இலை.

முனுசாமி: எத்தினி இலை?

ரங்கநாதன்: மூணு. ஆனா ஒவ்வொண்ணும் ரெண்டு அடி நீளம்!

முனுசாமி: பெருமையா சொல்றீங்களே சார். வெயில் இல்லாம இழுத்துக்கினு போன இலை அது. தொவண்டு போய் தொட்டி மேல படுத்துக்கீது பாருங்க. எங்க வெச்சிருந்தீங்க?

ரங்கநாதன்: ஹால்ல. டிவி பக்கத்துல.

முனுசாமி: அது நியூஸ் பாத்து பூக்குமா? வெயில்ல பூக்குமா? சரி, போன வருஷம் பூ முடிஞ்சப்புறம் இன்னா பண்ணீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க.

ரங்கநாதன்: பூ வாடினதும் அடியில பச்சையா காய் வந்தது. விதை எடுக்கலாம்னு விட்டேன். இலை தாறுமாறா வளர்ந்துது, வைகாசியில ஒட்ட வெட்டிட்டேன். நீட்டா இருந்தது.

முனுசாமி: ஐயோ! பூ வாடுன ஒடனே காம்போட கிள்ளிடணும் சார். காய் வுட்டா கெய்ங்குல இருக்குற சத்தெல்லாம் விதைக்குப் போயிடும். தண்டை மட்டும் வெட்டாம வுடணும். பச்சையா இருக்குற வரிக்கும் அதுவும் இலை மாதிரி வேலை பாக்கும். மஞ்சளானப்புறம் வெட்டிக்கலாம். நீங்க காயை வுட்டுட்டு இலையை வெட்டிக்கீறீங்க. அப்டியே தலைகீழ்.

ரங்கநாதன்: இலை எதுக்குப்பா? நான் பூவுக்குத்தானே வளர்க்கறேன்?

முனுசாமி: நீங்க பேங்குல இருந்தவரு, உங்க பாஷையிலயே சொல்றேன். கெய்ங்கு சேமிப்புக் கணக்கு. இலை சம்பளம். பூ செலவு. போன வருஷம் நீங்க பாத்த எட்டு பூவும் உங்க காசு இல்ல. வெளிநாட்டுக்காரன் தோட்டத்துல இலை வளத்துப் போட்டு வெச்ச டெபாசிட். நீங்க அத்தை எடுத்துச் செலவு பண்ணிட்டு, சம்பளத்தையும் நிறுத்திட்டீங்க.

ரங்கநாதன்: (தளர்ந்து) மினிமம் பேலன்ஸ் கூட இல்லையா?

முனுசாமி: பாத்துடலாம். டெய்லர் டேப்பு இருக்கா? கெய்ங்கோட வயித்தைச் சுத்தி அளங்க.

ரங்கநாதன்: (மண்ணை ஒதுக்கி அளக்கிறார்) பத்தொன்பது சென்டிமீட்டர். பெட்டியில 28ன்னு போட்டிருந்தான்.

முனுசாமி: இந்தக் கெய்ங்கு 20 சென்டிக்குக் கீழ போனா பூக்குறது சந்தேகம். உள்ள மொட்டு கட்டியே இருந்தாலும் சோறு இல்லாம அங்கியே பட்டுப்போயிடும். அமுக்கிப் பாருங்க, கெட்டியா கீதா?

ரங்கநாதன்: கல்லு மாதிரி.

முனுசாமி: அப்ப கவலை இல்ல. கொழகொழன்னு இருந்தாத்தான் அழுகல். இது வெறும் பட்டினி. கணக்கைக் கேளுங்க: கெய்ங்கு சுமாரா நாலு இலை வுட்டா, உள்ள ஒரு மொட்டு கட்டும். அந்த மொட்டு வெளிய வரதுக்கு ஒரு வருஷம் கிட்ட ஆவும். அதனால இந்த வருஷம் வுடுற இலைதான் அடுத்த பூ.

ரங்கநாதன்: மூணு இலைக்கு முக்கால் தண்டு வருமா?

முனுசாமி: வராது சார். எட்டு இலை வர வெச்சா ரெண்டு தண்டுக்கு வழி இருக்கு.

ரங்கநாதன்: சரி, சம்பளத்தை எப்படி ஏத்தறது?

முனுசாமி: மொதல்ல வெயிலு. காலையில ஏழு மணியிலேர்ந்து பன்னெண்டு வரிக்கும் நேர் வெயில் படுற எடம் வேணும். ஆனா இன்னிக்கே கொண்டுபோய் வெக்காதீங்க. ஹால்ல இருந்த இலை, ஒரே நாள்ல வெளுத்து வெந்துடும். மொத மூணு நாள் ஒரு மணி நேரம், அப்புறம் ரெண்டு, இப்டியே பத்து நாள்ல ஏத்துங்க. அக்னி நட்சத்திரத்துல மத்தியான வெயில் மட்டும் வேணாம்.

ரங்கநாதன்: தொட்டி பெருசா இருக்கே, வேர் நல்லா ஓடட்டும்னு பன்னெண்டு இஞ்ச்ல வெச்சேன்.

முனுசாமி: அதான் இன்னொரு தப்பு. இத்தினி மண்ணுல ஊத்துற தண்ணி காயறதுக்கே ஒரு வாரம் ஆவும். கெய்ங்கையும் கழுத்து வரிக்கும் பொதச்சிட்டீங்க. அத்தோட மேல் பாதி வெளிய தெரியணும். இதுக்கு அஞ்சு இஞ்சு தொட்டி போதும். கெய்ங்குக்கும் ஓரத்துக்கும் நடுவுல மூணு சென்டி இடைவெளி. ஆனா இப்ப மாத்தாதீங்க. இலை வளர்ற நேரத்துல புடுங்குனா அந்தத் தடிவேரெல்லாம் அறுந்துடும். இன்னிக்கு மேல் மண்ணை மட்டும் எடுத்து தோளைத் தெறந்து வுடுங்க. தை மாசம் மாத்திக்கலாம்: செம்மண் ரெண்டு பங்கு, மக்குன தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு.

ரங்கநாதன்: உரம்?

முனுசாமி: பத்தொன்பது பத்தொன்பது பத்தொன்பது கேள்விப்பட்டிருக்கீங்களா?

ரங்கநாதன்: என் கிழங்கோட சுற்றளவைத்தானே மூணு தடவை சொல்றே?

முனுசாமி: உரத்தோட பேரு சார். தண்ணியில கரையுற பொடி. ஒரு லிட்டருக்கு ரெண்டு கிராம், டீ ஸ்பூன்ல பாதிக்கும் கம்மி. பதினஞ்சு நாளைக்கு ஒரு வாட்டி. மொதல்ல வெறும் தண்ணி ஊத்தி மண்ணை நனச்சிட்டு, அப்புறம்தான் உரத்தண்ணி.

ரங்கநாதன்: ரெண்டு வருஷப் பாக்கி இருக்கே, லிட்டருக்குப் பத்து கிராம் போட்டா சீக்கிரம் அடையுமே?

முனுசாமி: வேர் வெந்து அடங்கிடும். இலை நுனி பழுப்பாயி, மண்ணு மேல வெள்ளையா உப்பு பூத்தா உரம் ஜாஸ்தின்னு அர்த்தம். அப்ப நெறைய தண்ணி ஊத்தி அடியில வழிய வுட்டு கழுவணும். அப்புறம் ஆவணி வந்தா அந்த உரத்தை நிறுத்திட்டு, 0:0:50ன்னு சாம்பல் சத்து மட்டும் இருக்குற பொடிக்கு மாறுங்க, லிட்டருக்கு ஒரு கிராம். அந்த நேரத்துலயும் தழைச்சத்தே போட்டுக்கினு இருந்தா இலை தளதளன்னு இருக்கும், பூ மட்டும் வராது. புரட்டாசியோட எல்லா உரமும் கட்.

ரங்கநாதன்: எனக்கு டாக்டர் சொன்ன டயட் கூட இவ்வளவு இல்ல.

முனுசாமி: நீங்க பூக்கப் போறதில்லியே. இன்னொண்ணு, மழை ஆரம்பிச்சா ஒரு புழு வரும். கறுப்பு உடம்புல வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் போட்டு கும்பலா வரும். ராத்திரி வுட்டா காலையில இலை இருக்காது. கழுத்து வழியா கெய்ங்குக்குள்ளயே எறங்கிடும். சாயங்காலம் டார்ச்சு அடிச்சுப் பாத்து, கையால எடுத்து சோப்புத் தண்ணியில போடுங்க.

ரங்கநாதன்: கையாலயா?

முனுசாமி: க்ளவுஸ் போட்டுக்கங்க சார், யாரு வேணாம்னாங்க. இப்பத்தான் முக்கியமான எடம். தீபாவளி முடிஞ்சதும் தண்ணியை நிறுத்தணும். சுத்தமா. எட்டுலேர்ந்து பத்து வாரம் அது தூங்கணும்.

ரங்கநாதன்: அப்ப அடைமழை கொட்டுமே!

முனுசாமி: அதான் நம்ம ஊர்ல வர தொல்லை. குளிர் ஊர்ல 13 டிகிரியில வெச்சித் தூங்க வெக்கிறாங்க. நமக்கு மார்கழி ராத்திரியே 20 டிகிரிதான். குளிர் கெடைக்காது, அதனால காய வெச்சித்தான் தூங்க வெக்கணும். ஐப்பசி கார்த்திகை மழையில நனஞ்சா அது எங்க தூங்கும்? பால்கனி சாரல் கூடப் படக்கூடாது. மாடிப்படிக்குக் கீழ, இல்ல ஷெல்ஃப்ல, காத்தாட வெச்சிடுங்க.

ரங்கநாதன்: குளிர்தானே பிரச்சனை? கிழங்கை எடுத்து ஃபிரிட்ஜுல காய்கறி டப்பாவுல வெச்சுடறேன்.

முனுசாமி: அதுல இன்னா இருக்கும்?

ரங்கநாதன்: ஆப்பிள், வெங்காயம்...

முனுசாமி: ஆப்பிள் பழுக்குறப்போ ஒரு வாயு வுடும், அது உள்ள இருக்குற மொட்டைக் கொன்னுடும். வெங்காயம் அதை வுட மோசம். அம்மா இத்தையும் வெங்காயம்னு நெனச்சி சாம்பார்ல அரிஞ்சிட்டா? இது விஷம் சார். வாந்தி எடுத்தே தொலஞ்சிடுவீங்க. அப்புறம் அமரில்லிஸ் பூக்குதோ இல்லியோ, உங்க படத்துக்குப் பூ போட வேண்டி வரும்.

ரங்கநாதன்: ஃபிரிட்ஜு வேண்டாம். இலை காயுமா?

முனுசாமி: வெளி இலையிலேர்ந்து மஞ்சளாகும். மஞ்சளானது தானா வுழும், பச்சையை வெட்டாதீங்க. சில வகை பச்சையாவே நிக்கும், வுட்டுடுங்க. பொங்கல் முடிஞ்சதும் தொட்டி மாத்தி, ஒரு வாட்டி நல்லா தண்ணி. அப்புறம் நுனி தெரியுற வரிக்கும் மேல் மண்ணு காஞ்சா மட்டும் கொஞ்சமா. அவசரப்பட்டு ஊத்துனா தூங்கி எழுந்த வேரு அழுகிடும்.

ரங்கநாதன்: நுனி வந்தா அது இலையா, பூவான்னு எப்படித் தெரியும்?

முனுசாமி: இலைன்னா தட்டையா நாக்கு மாதிரி, நுனி உருண்டையா வரும். பூத்தண்டுன்னா கெட்டியா, குண்டா, ஈட்டி முனையா வரும். நாலுலேர்ந்து எட்டு வாரத்துல தெரியும்.

ரங்கநாதன்: அப்ப வர்ற மாசியில பூ. எழுதிக் குடுப்பியா?

முனுசாமி: மாட்டேன். உங்க கெய்ங்கு இந்த வருஷம் திரும்ப 24, 25 சென்டி வந்து, ஆறேழு இலையும் வெச்சா, ஒரு தண்டு வரலாம். இல்லேன்னா இன்னொரு வருஷம். எனக்குத் தெரிஞ்சு அவசரத்துல ஒண்ணியும் நடக்காது. சும்மா பூ வேணும்னா, வண்டியில ஊர்ச் சிவப்பு கீது, தொண்டையில வெள்ளைக்கோடு போட்டது. அத்தைத் தூங்க வெக்கவே வேணாம், கோடை மழை பட்டா தானா பூக்கும். நாப்பது ரூபா.

ரங்கநாதன்: என் கணக்கை மூடிட்டு வேற கணக்கு தொறக்க நான் வரல. இதையே நிமிர்த்தறேன். இன்னிக்கே பால்கனியில வெயில் பாக்கற எடம் பாத்து... (நிறுத்துகிறார்) அந்த எடத்துல அவ வடாம் காய வெச்சிருக்கா.

முனுசாமி: எத்தினி நாளைக்கு?

ரங்கநாதன்: ஆடி வரைக்கும் வடாம், வத்தல், மோர் மிளகாய்னு வரிசையா இருக்கு.

முனுசாமி: (வண்டியைத் தள்ளிக்கொண்டே) அதுக்கு எங்கிட்ட உரம் இல்ல சார். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்.

ரங்கநாதன்: முனுசாமி, ஒரு நிமிஷம்! மேல வந்து நீயே பேசேன்!

முனுசாமி: செடீய்... ரோஜா, மல்லி, துளசீய்...