சூரியகாந்தியை விட்டுக் கடலை எண்ணெய்க்கு மாறினால் ஒமேகா-3 வந்துவிடுமா?

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பு மேடையில் ஐந்து லிட்டர் கேனில் மரச்செக்குக் கடலை எண்ணெய். பிரிக்காத சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட்டுகள் இரண்டை விளக்குக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். "அதில் ஒமேகா-6 நிறைய இருக்காம்டா. உடம்புக்குள்ளேயே அழற்சி உண்டாக்குமாம். ஒமேகா-3க்கும் 6க்கும் விகிதம் கெட்டுப்போகுமாம். அதான் மாத்திட்டேன்" என்றார். வாட்சப்பில் வந்த காணொளியையும் காட்டினார்.

நான் சில வருடங்கள் எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். அத்தை சொன்னதில் முதல் வாக்கியம் சரி. சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய 60 சதவீதம் லினோலெயிக் அமிலம். ஒமேகா-6 என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கடலை எண்ணெயில் இது சுமார் 30 சதவீதம், தவிட்டு எண்ணெயில் 33 சதவீதத்தை ஒட்டி, கடுகு எண்ணெயில் 15 சதவீதம் அளவில் இருக்கும். விதை ரகம், விளைந்த இடம் இவற்றைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

இடறுவது விகிதத்தில்தான். சூரியகாந்தியில் ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். சரி, கடலை எண்ணெயில்? அதிலும் இல்லை! விகிதத்துக்குப் பயந்து சூரியகாந்தியிலிருந்து கடலைக்கு மாறுகிறவர் ஒமேகா-6ஐப் பாதியாக்குகிறார், ஒமேகா-3ஐ ஒரு துளி கூடக் கூட்டவில்லை. தவிட்டு எண்ணெயில் ஒன்றரை சதவீதம் வரை இருக்கும். அது கணக்குக்கு வராத அளவு. இந்த நான்கில் ஒமேகா-3 சொல்லும்படி இருப்பது கடுகு எண்ணெயில் மட்டும், சுமார் 10 சதவீதம். நம் ஊரில் அதை யாரும் வாங்குவதில்லை என்பது வேறு கதை.

அத்தை வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு பேர், மாதம் மூன்று லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். அப்படியானால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 23 கிராம். எல்லாமே சூரியகாந்தியாக இருந்தபோது அதில் லினோலெயிக் 14 கிராம் போல வந்திருக்கும். கிராமுக்கு 9 கலோரி என்று போட்டால் 126 கலோரி. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 6 சதவீதம். அரிசி, பருப்பு, எள்ளு எல்லாவற்றிலிருந்தும் இன்னும் சில கிராம் சேரும். இதய நோய் விஷயத்தில் அமெரிக்க இதயச் சங்கம் 2009இல் வெளியிட்ட அறிக்கை, மொத்தக் கலோரியில் 5 முதல் 10 சதவீதம் ஒமேகா-6இலிருந்து வருவது நல்லது என்கிறது. ஆக, அத்தை விஷம் என்று ஒதுக்கிய எண்ணெயை முழுக்க முழுக்க ஊற்றிச் சமைத்த காலத்திலும் அவர் அந்த வரம்புக்குள்தான் இருந்திருக்கிறார். கடலைக்கு மாறிய பிறகு எண்ணெயிலிருந்து வருவது 7 கிராம். இரண்டுமே பயப்படும் அளவு இல்லை.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று, உயிர்வேதியியல் பாடப்புத்தகம். லினோலெயிக் உடம்பில் அராக்கிடோனிக் அமிலமாக மாறும், அதிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உண்டாகும். படம் போட்டுக் காட்டினால் அம்புக்குறிகள் நேராகத்தான் போகின்றன. ஆனால் மனிதர்களுக்கு லினோலெயிக்கைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்துப் பார்த்த சோதனைகளைத் தொகுத்தபோது, இரத்தத்தில் அராக்கிடோனிக் அளவு பெரிதாக மாறவில்லை. அழற்சியைக் காட்டும் குறியீடுகளும் ஏறவில்லை. உடம்பு அந்த மாற்றத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது.

இன்னொன்று, இரண்டு பழைய சோதனைகள். இவற்றை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆஸ்திரேலியாவில் சிட்னியில் 1966இலிருந்து 1973 வரை, ஏற்கனவே மாரடைப்பு போன்ற இதய நோய் வந்த 458 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் குசும்பா எண்ணெயும் அதில் செய்த மார்கரினும் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில்தான் இறப்பு அதிகம். பழைய கோப்புகளைத் தேடியெடுத்து 2013இல் மறுபடி கணக்கிட்டபோது, இதய நோயால் இறந்தவர்களும் அந்தப் பிரிவில்தான் அதிகம் என்று தெரிந்தது. அதே போல அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மக்காச்சோள எண்ணெய் கொடுத்த சோதனையில் கொலஸ்ட்ரால் குறைந்தது, இறப்பு குறையவில்லை. அதன் மறுகணக்கு 2016இல் வெளிவந்தது. 'விதை எண்ணெய் கொல்லும்' என்று வரும் காணொளிகள் பெரும்பாலும் இந்த இரண்டையும்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

ஆனால் அளவைப் பாருங்கள். சிட்னியில் லினோலெயிக் மொத்தக் கலோரியில் 15 சதவீதம் வரை போனது. நம் அத்தை வீட்டைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்டத்தட்ட. அந்தக் கால மார்கரினில் டிரான்ஸ் கொழுப்பு இருந்திருக்கும் என்ற சந்தேகமும் உண்டு. குசும்பா எண்ணெயில் ஒமேகா-3 கிடையாது, எனவே கூட ஒமேகா-3 சேராமல் 6ஐ மட்டும் குவித்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஓர் உதாரணம் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். எதிர்ப்பக்கத்தில், பல நாடுகளின் 30 ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் வெளிவந்த கணக்கில், இரத்தத்தில் லினோலெயிக் அதிகம் இருந்தவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் குறைவாகவே இருந்தன. அது கண்காணிப்பு ஆய்வு, காரணத்தை நிரூபிக்காது. ஆனால் விஷம் என்ற பேச்சுக்கு அது இடம் கொடுக்கவில்லை.

என் கருத்து இதுதான்: நம் வீடுகளில் குறைவது ஒமேகா-3. கூடுவது ஒமேகா-6 என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சூரியகாந்தியின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. வடைச் சட்டியின் வெளி விளிம்பைத் தடவிப் பாருங்கள். சூரியகாந்தி எண்ணெயில் தொடர்ந்து பொரிக்கும் வீடுகளில் அங்கே பிசுபிசுவென்று மஞ்சள் பிசின் படிந்திருக்கும், சபீனா போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. லினோலெயிக் அமிலம் சூட்டிலும் காற்றிலும் சீக்கிரம் ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்வதால் வருவது அது. சட்டிக்கு வெளியே நடப்பதுதான் சட்டிக்கு உள்ளேயும் நடக்கிறது. பொரித்த எண்ணெயைக் குளிரவைத்து ஊற்றும்போது முன்னைவிடக் கெட்டியாக ஒழுகினாலோ, அடுத்த முறை சூடாக்கும்போது நுரை அடங்காமல் பொங்கினாலோ, வழக்கத்தைவிட முன்பே புகைந்தாலோ அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். கடைகளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018இலிருந்து ஒரு வரம்பு வைத்திருக்கிறது: சிதைந்த பொருள்களின் மொத்த அளவு, அதாவது போலார் காம்பவுண்ட்ஸ், 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அளக்க முடியாது, நுரையும் கெட்டித்தன்மையும்தான் நமக்கு அளவுகோல்.

பொரிப்பதற்குக் கடலை எண்ணெயும் தவிட்டு எண்ணெயும் இதனால்தான் மேல். இரண்டிலும் 40 சதவீதத்துக்கு மேல் ஒலெயிக் அமிலம், அது சூட்டைத் தாங்கும். ஆனால் நிறைவுற்ற கொழுப்பு சூரியகாந்தியில் 11 சதவீதம்தான், இவை இரண்டிலும் 20ஐ ஒட்டி. ஒன்றைப் பெற்றால் இன்னொன்றைக் கொஞ்சம் கொடுக்கத்தான் வேண்டும்.

தவிட்டு எண்ணெய் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், "செக்கில் ஆட்டிய தவிட்டு எண்ணெய் கிடைக்குமா" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நெல் அரைத்த அந்த நிமிடத்திலிருந்தே தவிட்டில் உள்ள லைபேஸ் நொதி எண்ணெயைப் பிளக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்திலேயே புளிப்பு ஏறும். அதனால் தவிட்டை உடனே சூடாக்கி நொதியை அடக்க வேண்டும். அதில் இருக்கும் எண்ணெயும் 15 முதல் 20 சதவீதம்தான், செக்குக்கு அது போதாது, ஹெக்ஸேன் கரைப்பானில்தான் எடுப்பார்கள். அப்புறம் சுத்திகரிக்காமல் சாப்பிட முடியாது. அதன் பெருமை ஒரிசனால் என்ற பொருள். காரம், அதாவது காஸ்டிக் சோடா, போட்டுச் சுத்திகரித்தால் அதில் பெரும்பகுதி போய்விடும், நீராவியில் சுத்திகரித்தால் தங்கும். பாட்டிலில் ஒரிசனால் அளவு பி.பி.எம்.மில் போட்டிருந்தால் பாருங்கள்: 10,000 என்றால் ஒரு சதவீதம்.

கடுகு எண்ணெய்க்கு வருவோம். அதில் எரூசிக் அமிலம் 40 சதவீதத்துக்கு மேல். எலிகளுக்கு நிறையக் கொடுத்தபோது இதயத் தசையில் கொழுப்பு படிந்ததைப் பார்த்துத்தான் மேல்நாடுகளில் வரம்பு வைத்தார்கள். எலிக்கு அந்த அமிலத்தை எரிப்பது கடினம். வங்காளத்தில் தலைமுறைகளாக இதில்தான் மீன் வறுக்கிறார்கள். டெல்லியிலும் பெங்களூரிலும் மருத்துவமனைகளில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், கடுகு எண்ணெயில் சமைத்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து குறைவாக இருந்தது. அதற்கு ஆல்ஃபா லினோலெனிக், அதாவது அதிலுள்ள ஒமேகா-3, காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வாங்குகிறவர்கள் கலப்படத்தை மட்டும் மறக்க வேண்டாம். 1998இல் டெல்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 ஜூனிலிருந்து கடுகு எண்ணெயோடு வேறு எண்ணெயைக் கலந்து விற்க இந்தியாவில் அனுமதி இல்லை.

செக்கு எண்ணெய் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கும் ஒன்று. கடலை பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் வரும். ஆலையில் காரம் போட்டுச் சுத்திகரிக்கும்போது அது போய்விடும், செக்கில் போகாது. அதன் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கினாலும், தெளியாத கசடோடு கொஞ்சம் எண்ணெயில் வரும். தாளிக்கும் சூட்டில் அது அழியாது. எனவே செக்குக்காரரிடம் எண்ணெயை விடக் கடலையைப் பார்க்கக் கேளுங்கள். சுருங்கிய, கறுத்த, உடைத்தால் மக்கல் வாசனை அடிக்கும் பருப்பு தெரிந்தால் வேறு செக்கு தேட வேண்டியதுதான். கசடு அடியில் தங்கத் தங்க மேலிருந்து தெளிவாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். கடைசியில் முடிவானது: கடலை எண்ணெய் இருக்கட்டும். அந்தச் சூரியகாந்திப் பாக்கெட்டுகளை விளக்குக்கு வீணாக்காமல் பொரிக்காத சமையலுக்கு, குழம்பு தாளிக்க, பொரியலுக்கு முடிக்கலாம். ஆளுக்கு 15 கிராம், அதாவது ஒரு பெரிய கரண்டி, கடுகு எண்ணெய் ஊற்றினால் ஒன்றரை கிராம் ஒமேகா-3 வரும், நாள் தேவை முடிந்தது. அத்தை ஒரு அரை லிட்டர் வாங்கினார். கத்தரிக்காய் வதக்கினார். மாமா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து தயிர் தேடப் போனார்.

அதனால் அந்த அரை லிட்டர் மாங்காய் ஊறுகாய்க்குப் போனது. இப்போது வீட்டில் வாரம் இரண்டு நாள் மத்தி. உடம்பு நேரடியாகப் பயன்படுத்தும் ஒமேகா-3 அதில் இருக்கிறது, விதை எண்ணெயிலிருந்து உடம்பே தயாரித்துக்கொள்வது மிகச் சொற்பம். மீன் சாப்பிடாத அத்தைக்கு மட்டும் இட்லிப் பொடியில் ஆளி விதை. ஒரு தேக்கரண்டிப் பொடித்த ஆளி விதையில் அரை கிராமுக்கு மேல் கிடைக்கும், தினமும் இரண்டு தேக்கரண்டி போட்டால் போதும். வறுத்த வாசனையில் எள் என்றே மாமா நினைத்துக்கொண்டிருக்கிறார்.