ஒரு எட்டு மூன்றாகிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா?

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய, சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் நிறுவனம் தரும் சான்றிதழான ஃபார்ம் 16 கேட்டால், அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம் வருகிறது! வருமான வரித் துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து பிடிஎஃப் கோப்பாக இறக்க வேண்டிய, பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் பார்ட் ஏ-யைக் காணவே காணோம். சம்பளக் கணக்கு இருக்கும் பார்ட் பி மட்டும், அச்சடித்து, மேசையில் வைத்து, சாய்வாக எடுத்த படம். தாளின் மடிப்பு சரியாக மொத்தச் சம்பளத் தொகையின் மேலேயே விழுந்திருக்கிறது.

பெங்களூரு ராமமூர்த்தி நகர் வீட்டில் இரண்டு இரவுகள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மொத்தச் சம்பளம் 11,33,600 என்றுதான் தெரிந்தது. வீட்டு வாடகைப்படி விலக்கு 1,38,000. அதைக் கழித்து, பழைய வரி முறையின் நிலையான கழிவு 50,000, அந்த ஆண்டு பிடித்த கர்நாடகத் தொழில் வரி 2,400 ஆகியவற்றையும் கழித்தால் 9,43,200 வர வேண்டும். படத்திலோ, ‘சம்பளத் தலைப்பில் வருமானம்’ என்ற இடத்தில் 9,93,200 என்று தெளிவாக இருக்கிறது.

இடைவெளி சரியாக 50,000. நிலையான கழிவைக் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்று யாருக்குத்தான் தோன்றாது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோபத்தில் 9,43,200 என்றே தாக்கல் செய்யவும் துணிந்துவிட்டேன். செய்திருந்தால் 50,000 ரூபாய் வருமானத்தைக் குறைத்துக் காட்டியவன் ஆகியிருப்பேன். நோட்டீஸ் எனக்குத்தான் வந்திருக்கும், படம் எடுத்தவருக்கு அல்ல.

மூன்றாம் நாள் வருமான வரித் தளத்தில், என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை இறக்கினேன். நிறுவனம் எனக்குக் கொடுத்ததாகக் காட்டிய தொகைகளைக் கூட்டினால் 11,83,600! மடிப்பு தின்றது ஒரு எட்டின் பாதியை. அந்த எண்ணைப் போட்டதும் 1,38,000, 50,000, 2,400 எல்லாம் போக 9,93,200 அச்சாக வந்து நின்றது. நிலையான கழிவு ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. பிடித்த வரியையும் 26ஏஎஸ்-இலிருந்தே எடுத்தேன். பார்ட் பி-யில் இருப்பது அவர்கள் கணக்கிட்ட வரி. அரசிடம் என் பெயரில் வந்து சேர்ந்ததை 26ஏஎஸ்தான் காட்டும்.

ஆனால் வாடகைப்படி விலக்கு 26ஏஎஸ்-இல் இருக்காது. அதற்கு அந்தப் படத்தை விட்டால் என் கையில் வேறு ஆதாரம் இல்லை. கணக்கு கடைசி ரூபாய் வரை நேரானதால்தான் 1,38,000-ஐ நம்பினேன். நிறுவனம் பணமாக அல்லாமல் தரும் சலுகைகளின் மதிப்பு வேறாகச் சேர்ந்திருந்தால் 26ஏஎஸ் தொகையும் மொத்தச் சம்பளமும் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். அப்போது எதை வைத்துச் சரிபார்ப்பது?

கோப்பு அவர்கள் கணினியில் இருக்கிறது. அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. ஜூன் 15-க்குள் சான்றிதழைக் கொடுப்பது அவர்கள் கடமை, எனக்குச் செய்யும் தயவு அல்ல. இன்று மீண்டும் கேட்டேன். “படத்திலேயே எல்லாம் இருக்கிறதே, சார்” என்கிறார்கள். பார்ட் ஏ எங்கே என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.