“பெரிசுபடுத்துறாய்” எண்டு சொல்லிச் சொல்லியே ஒரு ஆளை உடைக்கிறது

“நீ எல்லாத்தையும் பெரிசுபடுத்துறாய்.” இந்த வசனத்தைக் கேக்கக் கேக்கப் பத்தி எரியுது. வன்னியில இதுக்கு ஒரு வாலும் இருக்கு: “முள்ளிவாய்க்கால் தாண்டி வந்தனாங்கள், இதெல்லாம் ஒரு விசயமே?” 2009-ல பட்டதை அளவுகோலா வைச்சால் அதுக்குப் பிறகு ஒரு மனுசிக்கும் நோகக்கூடாது. ஷெல்லுக்குத் தப்பின ஆளுக்குக் காலில முள்ளுக் குத்தினால் நோகாதோ?

ஒரு வீட்டை எடுங்கோ. பரந்தன் பக்கமெண்டு வையுங்கோ. ஞாயிற்றுக்கிழமை மச்சாள் குடும்பம் சாப்பிட வந்திருக்கு. சீட்டுக்காசுக் கதை வரேக்க புருசன் சிரிச்சுக்கொண்டு, “இவளிட்டக் காசைக் குடுத்தால் கணக்கும் வராது, காசும் வராது” எண்டுறார். அந்த வீட்டு நுண்கடன் தவணையைத் தவறாமல் கட்டுறதே அவள்தான். எல்லாரும் சிரிக்கினம். அவள் சோத்துக் கரண்டியோட நிக்கிறாள்.

இரவு மெதுவாத்தான் சொல்லுறாள்: “ஆக்களுக்கு முன்னால அப்பிடிச் சொன்னது எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு.” போனைப் பாத்துக்கொண்டே பதில் வருது: “பகிடிக்குச் சொன்னதை ஏன் பெரிசாக்கிறாய்?” புதன்கிழமை திரும்பச் சொல்லுறாள், குரல் கொஞ்சம் ஏறுது. “இன்னும் அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியோ?” வெள்ளிக்கிழமை பானை மூடி நிலத்தில உருளுது. கத்தி அழுறாள். அப்பதான் போன் கீழ போகுது. “பாத்தியே, இதைத்தான் சொன்னனான்.”

பொறி இருக்கிறது இதுக்குள்ளதான். கத்தாமல் சொன்ன ரெண்டு தரமும் காதில விழேல்லை, கத்தின உடன கவனம் கிடைச்சுது. அப்ப கத்தினால்தான் கேப்பார் எண்டு அவளைப் பழக்கினது ஆர்? பழக்கிப்போட்டு அந்தக் கத்தலையே சாட்சியாக் காட்டுறது எவ்வளவு அநியாயம்! மார்ஷா லினஹான் எண்ட அமெரிக்க உளவியலாளர் 1993-ல இதை விளக்கி எழுதினவ. உணர்ச்சியைத் திரும்பத் திரும்பத் தட்டிவிடுற இடத்தில இருக்கிற ஆள் ஒண்டில் எல்லாத்தையும் அமுக்கும், இல்லாட்டில் ஒரேயடியா வெடிக்கும். தான் உணருறது சரியோ எண்டதையும் மற்றாக்களின்ர முகத்தைப் பாத்துத்தான் முடிவெடுக்கும். அவ கூடுதலா எழுதினது பிள்ளையள் வளருற வீட்டைப் பற்றி. புருசன் பெண்சாதிக்கிடையிலயும் நடக்கிறது இதேதான்.

வருசக்கணக்கா இது நடந்தால் எப்பிடித் தெரியும்? நோக முதலே தங்கச்சிக்குப் போன் எடுத்து, “நான் கோவிக்கிறது சரியோ?” எண்டு கேப்பாள். எதைச் சொன்னாலும் “நான்தான் கூட யோசிக்கிறனோ தெரியாது” எண்டு முன்னுக்குப் போட்டுத்தான் தொடங்குவாள். தான் அனுப்பின வாய்ஸ் மெசேஜை மூண்டு தரம் போட்டுக் கேப்பாள், குரல் கூடிப்போச்சோ எண்டு. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அப்பிடிச் சொன்னவரோ எண்டதே அவளுக்குச் சந்தேகமாப் போகும்.

அதாலதான் அண்டைக்கே எழுதி வைக்கவேணும். கொப்பியில மூண்டு வரி போதும்: அவர் சொன்ன சொல் அப்பிடியே, எனக்கு வந்தது என்ன, நான் சொன்னதுக்குப் பதில் என்ன. “அவர் என்னை மதிக்கிறேல்லை” மாதிரித் தீர்ப்பு எழுத வேண்டாம். தீர்ப்பை நாளைக்கு நீங்களே சந்தேகப்படுவியள், சொன்ன சொல்லைச் சந்தேகப்பட ஏலாது. அவரிட்டக் காட்டவும் வேண்டாம், அது வழக்காப் போயிடும். மூண்டு கிழமையால வாசியுங்கோ. ஒரு பதிலாவது நடந்த விசயத்தைப் பற்றி இருக்கோ, எல்லாம் உங்கட குணத்தைப் பற்றியோ எண்டு பாருங்கோ.

கதைக்கேக்க, “நான் பெரிசுபடுத்துறனோ இல்லையோ பிறகு பாப்பம். நீங்கள் அப்பிடிச் சொன்னியள்தானே?” எண்டு அதிலயே நில்லுங்கோ. சில நேரம் களைப்பில, பழைய காயத்தில கோவம் அளவுக்கு மிஞ்சும்தான். மிஞ்சினதெண்டதுக்காக நடந்தது நடக்காமல் போகாது. விளங்காமல் சொல்லுற மனுசன் இதைக் கேட்டுக் கொஞ்சமாவது நிண்டு யோசிப்பார். அடுத்த முறை மச்சாள் வரேக்க அந்தப் பகிடி வராது. கொப்பியை அவர் கண்டிடுவாரோ எண்டு பயந்து ஒளிக்கிற நிலையெண்டால், கை ஓங்கினால், வசனம் திருத்தி வேலையில்லை. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பிரதேச செயலகத்தில பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறா. 2005-ம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டத்தில பாரதூரமான உளக்கொடுமையும் அடங்கும்.

அண்ணைமார், நீங்கள் பிழையெண்டு ஒத்துக்கொள்ளச் சொல்லேல்லை. போனைக் கவிட்டு வைச்சிட்டு, “நான் பகிடிக்குத்தான் சொன்னன், உனக்கு நொந்துபோச்சு, விளங்குது” எண்டு சொல்லுங்கோ. அதோட நிப்பாட்டுங்கோ, பின்னால ஒரு “ஆனா” வேண்டாம். ஞாயிறு இரவே இதைச் சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை அந்தப் பானை மூடி உருண்டிராது.