ஆளைத் தெரியும், வேலையைத் தெரியுமா?

நம் கம்பெனியில் ஒரு வேலைக்கு நண்பரைப் பரிந்துரைத்து ரெஃபரல் கொடுக்கும்போது பெரும்பாலோர் எழுதுவது ஒரே வரிதான்: "இவரை எனக்குப் பல வருடமாக நன்றாகத் தெரியும், கடின உழைப்பாளி." ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர் பார்க்கிற ரெஃபரலில் பல இப்படித்தான் இருக்கும் என்பதால் அவர் இதைப் படிப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. நீங்கள் இவருடைய வேலையைப் பார்த்தவரா, இல்லை ஆளை மட்டும் தெரிந்தவரா?

பல கம்பெனிகளின் ரெஃபரல் படிவத்திலேயே "இவரை எப்படித் தெரியும்?" என்று கேட்டிருப்பார்கள். ஒரே கம்பெனியில் வேறு வேறு டீமில் இருந்துவிட்டு, அங்கே "சேர்ந்து வேலை பார்த்தோம்" என்று போட்டுவிடுவது சகஜம். பொய் சொல்கிறோம் என்றே தோன்றாது, ஒரே மாடியில்தானே இருந்தோம்! ஆனால் அந்த வேலைக்கு ஆள் தேடும் மேனேஜர் போனில் கூப்பிட்டு, "அவர் வேலையில் ஏதாவது தப்பு வந்தால் எப்படிச் சரிசெய்வார்?" என்று கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். அடுத்த முறை நாம் அனுப்பும் ரெஸ்யூமேயை அவர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் தோழி ஒருத்தி டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு ரெஃபர் செய்யச் சொன்னாள். கல்லூரியிலிருந்தே நெருங்கிய பழக்கம், ஆனால் ஒரே இடத்தில் வேலை பார்த்ததில்லை. அவள் வேலை செய்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. பழைய மாணவர் சந்திப்புக்குப் பதிவு செய்தவர்கள் பட்டியலும் பணம் கட்டியவர்கள் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. அவள்தான் உட்கார்ந்து ஒப்பிட்டாள். பொருந்தாத வரிகளை அழிக்காமல் தனி ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை எழுதி வைத்தாள். பெயர் இருமுறை வந்திருக்கிறது, ஒருவருக்காக இன்னொருவர் கட்டியிருக்கிறார், இப்படி.

முதலில் அவளிடம், அந்த வேலைக்கு ஏற்கெனவே நேரடியாக விண்ணப்பித்திருக்கிறாளா என்று கேட்டேன். அப்படி விண்ணப்பித்திருந்தால் பல இடங்களில் அதற்குப் பிறகு வரும் ரெஃபரல் கணக்கில் வராது. இல்லை என்றாள். அப்புறம் ரெக்ரூட்டருக்கு இப்படி எழுதினேன்:

"டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு என் தோழியின் ரெஸ்யூமேயை அவர் சம்மதத்துடன் அனுப்புகிறேன். கல்லூரியில் உடன் படித்தவர், இன்றும் நெருங்கிய நட்பு. சேர்ந்து வேலை பார்த்ததில்லை. ஒரு நிகழ்ச்சிக்காக, ஒத்துப்போகாத இரண்டு பட்டியல்களை அவர் சரிபார்த்ததை அருகில் இருந்து பார்த்தேன். எதையும் அழிக்காமல், ஒவ்வொரு முரணுக்கும் காரணம் எழுதி வைத்தார். எஸ்க்யூஎல், டேஷ்போர்டு வேலைகளை நான் பார்த்ததில்லை. அதைப் பற்றிப் பேச அவருடைய முன்னாள் லீட் தயாராக இருக்கிறார்."

அனுப்பும் முன் அவளிடம் காட்டினேன். "என்னடி, என்னை உனக்குத் தெரியாதுன்னு சொல்ற மாதிரி இருக்கு?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். "என்னால் உறுதி சொல்ல முடியாது" என்று நான் எழுதியிருந்தால் அது அவள்மேல் சந்தேகம் கிளப்பும். "நான் பார்த்ததில்லை, பார்த்தவர் இவர்" என்பது வெறும் தகவல். அதைப் படிக்கிறவர், பட்டியலைப் பற்றி நான் சொன்னதை நம்பலாம் என்று முடிவு செய்வார். எல்லாவற்றையும் புகழ்ந்திருந்தால் அந்த ஒன்றும் சேர்ந்து அடிபட்டுப் போயிருக்கும். விளக்கியதும் சரி, அனுப்பு என்றாள். கூடவே, ஆள் சேர்ந்தால் எனக்கு ரெஃபரல் போனஸ் வரும் என்பதையும் சொன்னேன். பின்னால் வேறு யார் மூலமாகவோ தெரிவதைவிட அது நல்லது.

நேர்மையாக இருக்கிறேன் என்று இன்னொரு பக்கம் வழுக்கி விழுகிறவர்களும் உண்டு. ரெக்ரூட்டர் போனில், "ஏன் இப்போதைய வேலையை விடுகிறார்?" என்று சாதாரணமாகக் கேட்பார். நண்பர் என்பதால் நமக்கு விடை தெரியும். மேனேஜரோடு சண்டை, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, எவ்வளவு சம்பளம் வாங்குகிறார், எல்லாம் தெரியும். இவை நட்பில் காதுக்கு வந்தவை, ரெக்ரூட்டருக்குப் போகக் கூடாது. "அதை அவரிடமே கேளுங்கள்" என்றால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் வேலையைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்பதைத்தான் மறைக்கக் கூடாது. தெரிந்ததையெல்லாம் கொட்ட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

நட்பே இல்லாமல், லிங்க்ட்இன்னில் திடீரென்று வந்து ரெஃபரல் கேட்பவர்களுக்கு? நான் மறுப்பதில்லை. ரெஸ்யூமே அந்த வேலைக்குப் பொருந்துகிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு, "இவரை எனக்கு நேரில் தெரியாது, ரெஸ்யூமே பொருத்தமாகத் தோன்றியதால் அனுப்புகிறேன்" என்று எழுதி அனுப்புவேன். அப்படித்தான் எழுதப்போகிறேன் என்று அவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சிலர் அதோடு பதில் போடுவதை நிறுத்திவிடுவார்கள்.