ஓரடி ஆழம் கேட்காதீர்கள்

புத்தக அலமாரி செய்யச் சொல்லி வருபவர்கள் பெரும்பாலும் "மூன்றடி அகலம், ஆறடி உயரம், ஓரடி ஆழம்" என்றுதான் கேட்கிறார்கள். இந்த ஓரடிதான் ப்ளைவுட்டை வீணடிக்கிறது. எட்டுக்கு நான்கு ஷீட் என்பது 2440-க்கு 1220 மில்லிமீட்டர். நான்கடியை நான்காகப் பிரித்தால் ஓரடிப் பட்டி நான்கு வரும் என்று காகிதம் சொல்கிறது. ரம்பமோ ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கிவிடுகிறது. 305 மி.மீ. அகலத்தில் மூன்று பட்டிகள் எடுத்த பிறகு மீதி 296தான். நான்காவது பட்டி போயிற்று.

ஆழத்தை 300 ஆக்குங்கள். நான்கு பட்டிக்கு 1200 போக 20 மி.மீ. மிஞ்சும். ஆலை விளிம்பைச் சீராக்கும் முதல் வெட்டையும் சேர்த்து ஐந்து வெட்டுகள், 15 மி.மீ. தாராளமாக அடங்கும். புத்தகம் வைப்பவருக்கு அந்த 5 மி.மீ. குறைந்தது தெரியவே தெரியாது.

அகலத்திலும் இதே கதைதான். உயரம் 1800, அகலம் 900, மேல் பலகையும் அடிப்பலகையும் சேர்த்து ஆறு தட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். பலகைத் தடிமன் 18 என்பதால் பக்கப் பலகைகளுக்கு இடையே தட்டின் நீளம் 864. இரண்டு பட்டிகள் பக்கப் பலகைகளுக்குப் போய்விடும். மற்ற இரண்டிலும் பட்டிக்கு இரண்டு தட்டுகள்தான் கிடைக்கும். ஆக நான்கு. மீதி இரண்டு தட்டுகளுக்காக இன்னொரு ஷீட் வாங்க வேண்டும்! தட்டை 805 ஆகக் குறைத்தால் ஒரு பட்டியில் மூன்று தட்டுகள் வரும்: 2415, மூன்று வெட்டுக்கு 9, மொத்தம் 2424. அலமாரியின் அகலம் 841 ஆகிறது. ஒரே ஷீட்டில் முடிகிறது. தட்டு குறுகியதால் புத்தகப் பாரத்தில் நடுவே தொய்வதும் குறையும். எல்லாத் துண்டுகளும் ஷீட்டின் நீளவாக்கிலேயே வருவதால் மேல்தோலின் இழையும் தட்டின் நீளத்தோடு ஓடும், அதுவும் பலம்தான். துண்டைக் குறுக்கே திருப்பி இடம் பிடிப்பவர்கள் இதை இழக்கிறார்கள்.

3 மி.மீ. என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒரு கழிவுத் துண்டின் அகலத்தை அளந்துகொண்டு ஐந்து வெட்டு போடுங்கள். துண்டுகளை மீண்டும் இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கி அளந்து, குறைந்ததை ஐந்தால் வகுத்தால் உங்கள் பிளேடு உண்மையில் தின்னும் அளவு கிடைத்துவிடும். கையில் பிடித்து ஓட்டும் கட்டருக்கு மெல்லிய பிளேடு இருந்தாலும், கை ஆடினால் வெட்டு அகன்றுவிடும்.

ஷீட் முழுவதும் முதலிலேயே 300, 600, 900 என்று கோடு போட்டுவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நடுப் பட்டிகள் இரு பக்கமும் பாதிப் பாதி இழந்து 297 ஆகிவிடும். ஓரப் பட்டி வேறு அளவில் நிற்கும். அலமாரியைப் பொருத்திச் சேர்க்கும்போதுதான் தட்டு உள்ளே தள்ளி நிற்பது தெரியும். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் புதிய விளிம்பிலிருந்து அடுத்த 300-ஐ அளந்து, கோட்டுக்கு வெளிப்புறத்தில் பிளேடு விழும்படி ஓட்டுங்கள். பக்கப் பலகைகள் எடுத்த பட்டிகளில் மிஞ்சும் 637 மி.மீ. துண்டுகள் இரண்டையும் எறிந்துவிடாதீர்கள், இழுப்பறைப் பக்கங்களுக்கு அவை நன்றாகவே போதும்.