என் முகத்தை வெளுக்கச் சொல்லி யார் கேட்டது?

செல்ஃபி கேமராவைத் திறக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கறுப்பாக இருக்கிறவர்களை வெளுத்துக் காட்டுவதுதான் அழகு என்று இந்தப் போனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

போன வாரம் மடிப்பாக்கத்தில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. எங்கள் வீட்டில் எல்லோருமே கறுப்பு, அவள் அதில் களையான கறுப்பு. கண்ணாடி வளையல் அடுக்கிய இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்து ஒரு செல்ஃபி எடுத்தாள். படத்தில் கன்னம் கோதுமை நிறம், கை மட்டும் அவளுடைய சொந்த நிறம். கன்னத்தில் பூசிய சந்தனம் இருந்த இடமே தெரியவில்லை. "சித்தி, இது யாரோட கை?" என்று கேட்டாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

இங்கே இரண்டு வேலை நடக்கிறது. முகம் கண்ணில் பட்டதுமே கேமரா அதை வைத்து வெளிச்சத்தை அளக்கிறது. முகம் நடுத்தரப் பிரகாசத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. கறுப்பு முகத்தைப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து மொத்தப் படத்தையும் ஏற்றிவிடுகிறது. அதற்கு மேல் பியூட்டி ஃபில்டர். அது கண், மூக்கு, தாடையைக் கண்டுபிடித்து, அந்த எல்லைக்குள் தோலை மழமழவென்று இழைத்து, கூடவே வெளுப்பும் ஏற்றுகிறது. கையும் கழுத்தும் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே தப்பிவிடும். அதனால் சந்தேகம் வந்தால் முகத்தையும் கழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும்.

அவள் போனில் பியூட்டி அளவை சைபருக்கு இறக்கினேன். செல்ஃபிக்கு இறக்கினால் போர்ட்ரெய்ட்டில் அப்படியே இருக்கிறது, வீடியோவில் இன்னொன்று! ஒவ்வொரு மோடாகப் போய் அணைக்க வேண்டியிருந்தது. வீடியோ கால் செயலிக்குத் தனி அமைப்பு வேறு. அப்புறம் திரையில் அவள் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வந்த சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து எடுத்தோம். சந்தனம் திரும்பி வந்தது, பட்டுக்கரையின் சரிகையும் வெளுக்காமல் நின்றது.

ஏற்கெனவே எடுத்த படத்தை ஓரளவுதான் மீட்க முடியும். Snapseed என்ற படம் திருத்தும் செயலியில் Selective எடுத்து கன்னத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விரலால் வட்டத்தை முகத்தளவுக்குச் சுருக்கி, Brightness-ஐ -20 வரை மெதுவாக இறக்குங்கள். நிறம் சாம்பலடித்தால் Saturation-ஐக் கொஞ்சம் ஏற்றுங்கள். கையின் நிறத்தோடு கன்னம் ஒத்துப்போனதும் நிறுத்திவிடுங்கள். ஆனால் நெற்றியில் சுத்த வெள்ளையாகிப் போன இடத்தில் இறக்க ஒன்றுமே இருக்காது, சாம்பல்தான் மிஞ்சும். இழைத்து அழித்த சந்தனமும் வராது. வளைகாப்புப் படத்தில் அதுதான் போயே போய்விட்டது.

இத்தனை பாடும் நாம் ஏன் படவேண்டும்? 2020-இல் கூகுள் தன் பிக்சல் 4ஏ போனிலிருந்து, செல்ஃபி கேமராவில் முகத்தை மெருகேற்றும் வசதியை அணைத்தே கொடுப்பதாக அறிவித்தது. வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்களும் அப்படி அணைத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?